அந்த 75,600 எப்படி வந்தது? கிளெய்ம் ரிவ்யூ எழுதும் முன்

"மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். 3 லட்சம் பாலிசி, 4 வருடமாக விடாமல் கட்டுகிறேன். அறை வாடகை வரம்பு 1 சதவீதம். நாங்கள் எடுத்தது நாளுக்கு 5,000 ரூபாய் அறை. கேஷ்லெஸ் இல்லாத ஆஸ்பத்திரி, அதனால் கையிலிருந்து 1,32,000 கட்டினேன். மார்ச் 12ல் பேப்பர் கொடுத்தேன். 27ல் கேஸ் ஷீட் கேட்டார்கள், ஏப்ரல் 2ல் கொடுத்தேன். 18ல் நோய் எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கடிதம் கேட்டார்கள், 20ல் கொடுத்தேன். மே 6ல் 75,600 வந்தது. கடிதத்தில் 'பாலிசி விதிப்படி விகிதாசாரக் கழிவு, மற்றும் செலுத்தத் தகாதவை 6,000' என்று ஒரே வரி. ஏமாற்றிவிட்டார்கள் என்று ரிவ்யூ எழுதலாம் என்றிருக்கிறேன். மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்க எப்படி எழுதுவது?"

ரிவ்யூவுக்குப் போகும் முன் அந்த 75,600 என்ற எண்ணைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மொத்த பில் 1,32,000. அதில் செலுத்தத் தகாதவை என்று 6,000 போனால் மீதி 1,26,000. உங்கள் அறை வரம்பு 3 லட்சத்தில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. எடுத்த அறை 5,000. மூவாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் 60 சதவீதம். இப்போது 1,26,000ல் 60 சதவீதம் போட்டுப் பாருங்கள்: சரியாக 75,600 வருகிறது. அந்த ஒரு வரிக் கடிதத்துக்குப் பின்னால் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். மொத்த பில்லையும், மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து, 60 சதவீதத்துக்கு வெட்டியிருக்கிறார்கள்.

இது சரியா என்பதுதான் உங்கள் ரிவ்யூவின் மையமாக இருக்க வேண்டும். நான் ஒரு டிபிஏ அலுவலகத்தில் ஒன்பது வருடம் மருத்துவக் கிளெய்ம்களைப் பரிசீலித்தவன். டிபிஏ என்பது இன்சூரன்ஸ் கம்பெனி சார்பாகக் கோப்பைப் பார்க்கும் இடைநிலை நிறுவனம். இப்போது வெளியே வந்து, பாலிசிதாரர்களுக்குக் கோப்பு தயார் செய்து கொடுக்கிறேன். என் அனுபவம் முழுக்க மருத்துவக் காப்பீட்டில்தான். வண்டி, ஆயுள் காப்பீட்டுக்கு இதையெல்லாம் அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

விகிதாசாரக் கழிவு என்பது முறைப்படி இருக்கும் ஒன்று, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பல ஆஸ்பத்திரிகளில் அறை உயர உயர டாக்டர் பீஸும் தியேட்டர் கட்டணமும் சேர்ந்தே உயரும். அதே ஆபரேஷன், அதே டாக்டர், ஆனால் பொது வார்டில் ஒரு கட்டணம், தனி அறையில் இன்னொரு கட்டணம். வரம்புக்கு மேல் அறை எடுத்ததால் கூடிய இந்தச் செலவைக் கம்பெனி ஏற்காது. அதனால் அறை வாடகையை மட்டும் குறைத்துவிட்டு நிற்காமல், அறையை ஒட்டி உயர்ந்த கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைக்கிறார்கள். "நாளுக்கு 2,000 ரூபாய்தானே அதிகம், மூன்று நாளுக்கு 6,000 பிடித்தால் போதாதா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பாலிசியில் அந்த விதி இருந்தால் அது போதாது.

ஆனால் அந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020ல் மருத்துவக் காப்பீட்டு விதிகளைப் பொதுமைப்படுத்தி வழிகாட்டுதல் வெளியிட்டபோது, இந்த விகிதக் கழிவு எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட்டது. மருந்துக்கும், ஊசி, நூல் போன்ற பயன்பாட்டுப் பொருட்களுக்கும் பொருந்தாது. உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கும், பரிசோதனைகளுக்கும் பொருந்தாது. ஐசியூ கட்டணத்துக்கும் பொருந்தாது. காரணம் எளிது: பார்மசியில் வாங்கும் ஆன்டிபயாடிக் ஊசி பொது வார்டில் இருந்தாலும் தனி அறையில் இருந்தாலும் அட்டையில் அச்சடித்த விலைதான். இன்னொன்றும் உண்டு. அறைக்கு ஏற்றபடி கட்டணம் மாறாத ஆஸ்பத்திரி என்றால் அங்கே இந்தக் கழிவையே போடக்கூடாது. அங்கே வாடகையில் அதிகமான பகுதி மட்டும்தான் உங்கள் பொறுப்பு.

உங்கள் பில்லின் பிரிவு என்னிடம் இல்லை. அதனால் இந்த மாதிரி ஆபரேஷனில் வரக்கூடிய ஒரு பிரிவை உதாரணமாக வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் எண்களை அந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். அறை மூன்று நாளுக்கு 15,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் எல்லாம் சேர்த்து 45,000. தியேட்டர் 20,000. மருந்தும் பயன்பாட்டுப் பொருட்களும் 32,000. பரிசோதனைகள் 14,000. பதிவுக் கட்டணம், கூட இருந்தவர் சாப்பாடு போன்றவை 6,000. மொத்தம் 1,32,000. இதில் முதல் மூன்றை மட்டும் 60 சதவீதம் ஆக்கினால் அறைக்கு 9,000, டாக்டர்களுக்கு 27,000, தியேட்டருக்கு 12,000. மருந்து 32,000மும் பரிசோதனை 14,000மும் முழுதாக வர வேண்டும். கடைசி 6,000 கிடைக்காது. கூட்டினால் 94,000. உங்களுக்கு வந்தது 75,600. வித்தியாசம் 18,400.

இந்த 18,400 எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வரியில் சரிபார்க்கலாம். மருந்தும் பரிசோதனையும் சேர்ந்து 46,000. அதில் 40 சதவீதம் 18,400. உங்கள் பில்லிலும் பார்மசி, லேப், ஸ்கேன் மூன்றையும் கூட்டி 0.4 ஆல் பெருக்குங்கள். கம்பெனி உங்களுக்குக் கூடுதலாகத் தர வேண்டியிருக்கக்கூடிய தொகை அதுதான். "இருக்கக்கூடிய" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 75,600 என்ற எண் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது வலுவான தடயம், ஆனால் அது ஆதாரம் ஆகாது. உங்கள் பாலிசியில் பித்தப்பை ஆபரேஷனுக்குத் தனி உச்சவரம்பு இருக்கலாம். ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜ் விலையாகப் போட்டிருக்கலாம்; அப்போது மருந்தைத் தனியே பிரிக்க வழி இல்லாமல் கம்பெனி மொத்தமாக வெட்டியிருக்கும். இரண்டாவது நிலை என்றால் ஆஸ்பத்திரியிடம் பிரித்த பில் வாங்கிக் கொடுக்க வேண்டியது உங்கள் வேலை.

ஆகவே "ஏமாற்றிவிட்டார்கள்" என்று இன்று எழுதினால், அது உண்மையாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். உங்களிடம் இப்போது உறுதியாக இருப்பது வேறு ஒன்று: செலுத்தத் தகாத 6,000 போக, 50,400 ரூபாயை ஒரே வரியில் கழித்துவிட்டு எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று சொல்லவில்லை. இது மறுக்க முடியாத குறை. ஒரு கிளெய்மை முழுதாகவோ பகுதியாகவோ மறுத்தால், பாலிசியின் எந்த விதியின்படி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளை. "பாலிசி விதிப்படி" என்ற பொதுச் சொல் அதற்குப் போதாது. நான் வேலை பார்த்த காலத்திலும் இந்த ஒற்றை வரிக் கடிதங்கள் போனதுண்டு. எங்கள் மென்பொருளில் தலைப்பு வாரியாக, காரணத்தோடு கழிவு பதிவாகியிருக்கும். கடிதத்தில் மட்டும் மொத்தம் போகும். அதாவது உங்கள் கணக்கு அங்கே யாரோ ஒருவரின் திரையில் வரி வரியாக இருக்க வாய்ப்பு அதிகம். கேட்டால் கொடுக்க முடியும்.

எனவே முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், மூன்று கேள்வி போதும். பில்லின் ஒவ்வொரு தலைப்பிலும் ஏற்றது எவ்வளவு, கழித்தது எவ்வளவு? ஒவ்வொரு கழிவுக்கும் பாலிசியின் விதி எண் என்ன? மருந்துக்கும் பரிசோதனைக்கும் விகிதக் கழிவு போட்டிருந்தால் எந்த விதியின்படி? கூடவே, அறைக்கு ஏற்றபடி கட்டணம் மாறுமா என்று ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். மாறாது என்று லெட்டர்பேடில் கொடுத்தால், டாக்டர் பீஸிலும் தியேட்டரிலும் வெட்டியதைக்கூட நீங்கள் திரும்பக் கேட்கலாம். என் கைக்கு வந்த கோப்புகளில் சின்ன ஊர் நர்சிங் ஹோம்களில் இப்படி ஒரே கட்டணம் இருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைவு.

இப்போது தாமதத்துக்கு வருவோம். உங்கள் ரிவ்யூவில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். "55 நாள் இழுத்தடித்தார்கள்" என்று எழுதினால், கீழே கம்பெனியின் பதில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், அந்த மாதிரி பதில்களுக்கு விவரம் எடுத்துக் கொடுத்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்: "கடைசி ஆவணம் ஏப்ரல் 20 அன்று கிடைத்தது, 16 நாளில் தீர்த்துவிட்டோம்." அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. பல பாலிசிகளில் கால வரம்பு "தேவையான கடைசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்து" என்றே தொடங்குகிறது. சில பாலிசிகளில் 30 நாள், சிலவற்றில் 15 நாள். உங்கள் பாலிசிப் புத்தகத்தில் கிளெய்ம் பகுதியில் இருக்கும். அந்த நாளுக்கு மேல் போனால் வங்கி விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டி வட்டி தர வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். ஆனால் கூடுதல் ஆவணம் கேட்டு ஒவ்வொரு குவெரி வரும்போதும் "கடைசி ஆவணம்" என்பது தள்ளிப்போகிறது. கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது. படிக்கிறவர்களுக்கு இது தெரியாததால்தான் 55 என்ற எண்ணும் 16 என்ற எண்ணும் மோதி, யார் சொல்வது நிஜம் என்று புரியாமல் போகிறது.

இதற்கு வழி, நாட்களை யார் கையில் எத்தனை நாள் என்று பிரித்து எழுதுவது. மார்ச் 12 முதல் 27 வரை 15 நாள் கம்பெனி. 27 முதல் ஏப்ரல் 2 வரை 6 நாள் நீங்கள். 2 முதல் 18 வரை 16 நாள் கம்பெனி. 18 முதல் 20 வரை 2 நாள் நீங்கள். 20 முதல் மே 6 வரை 16 நாள் கம்பெனி. மொத்தம் 55ல் கம்பெனி கையில் 47 நாள், உங்கள் கையில் 8 நாள். இப்படி எழுதினால் "16 நாளில் தீர்த்தோம்" என்ற பதில் தானாகவே செல்லாமல் போகிறது. உங்கள் 8 நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். அதில் ஆஸ்பத்திரி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு கேஸ் ஷீட் நகல் கொடுக்க எத்தனை நாள் எடுத்தது என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. அந்தத் தாமதத்தைக் கம்பெனி தலையில் கட்டக்கூடாது.

தேதிகளை நினைவிலிருந்து எழுத வேண்டாம். கூரியர் ரசீது, ஏற்புச் சீட்டு, குவெரி வந்த எஸ்எம்எஸ், மின்னஞ்சல், வங்கிக் கணக்கில் பணம் வரவான நாள் இவற்றைப் பார்த்து எழுதுங்கள். ஒரு சின்ன விஷயம் இங்கே கவனிக்க வேண்டும்: குவெரிக் கடிதத்தில் அச்சடித்த தேதியும் அது உங்களுக்கு வந்து சேர்ந்த தேதியும் சில நேரம் மூன்று நான்கு நாள் வேறுபடும். கணக்கில் வந்து சேர்ந்த தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், அப்படி எடுத்திருப்பதாகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கேட்ட ஆவணங்கள். "தேவையில்லாத பேப்பர் எல்லாம் கேட்டார்கள்" என்று எழுதத் தோன்றும். உங்கள் விஷயத்தில் இரண்டுமே ஒரு காரணத்தோடு கேட்டவைதான், அதைப் புரிந்துகொண்டு எழுதினால் உங்கள் குறை இன்னும் கூர்மையாகும். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது ஆஸ்பத்திரி முடிவில் எழுதும் சுருக்கம். கேஸ் ஷீட் என்பது சேர்ந்த நிமிடத்திலிருந்து நர்ஸும் டாக்டரும் எழுதிக்கொண்டே போகும் கட்டு. பரிசீலிக்கிறவர் அதில் முதலில் தேடுவது முதல் பக்கத்தில் இருக்கும் பழைய நோய் விவரம். "இரண்டு வருடமாக அவ்வப்போது வலி" என்று ட்யூட்டி டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தால், அது சம்மரியில் வராமல் போயிருந்தாலும் அங்கே இருக்கும். நோய் எத்தனை நாளாக என்ற டாக்டர் கடிதமும் அதே கேள்விக்குத்தான் பதில்.

ஏன் அந்தக் கேள்வி? பித்தப்பைக் கல் பெரும்பாலான பாலிசிகளில், பாலிசி எடுத்து 24 மாதம் ஆன பிறகே பணம் கிடைக்கும் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் நோய். நான்கு வருடமாகக் கட்டுகிறீர்கள், ஆகவே அது உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. முன்பிருந்த நோய்களுக்கான காத்திருப்பும், இப்போதைய உச்சவரம்பான 36 மாதப்படி பார்த்தால், முடிந்திருக்கும். பழைய வாசகமுள்ள பாலிசிகளில் 48 மாதம் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விண்ணப்பத்தில் எதையாவது மறைத்தீர்களா என்று ஆராயக் கம்பெனிக்கு 60 மாதம் வரை இடம் உண்டு. 60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகுதான், மோசடியை நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. நீங்கள் 48ஐத் தாண்டி 60க்கு முன்னால் நிற்கிறீர்கள். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

உங்கள் உண்மையான குறை, இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்கவில்லை என்பது. கோப்பு முதல் நாள் மேசைக்கு வந்தபோதே இது பித்தப்பைக் கல், பாலிசி வயது இவ்வளவு என்பது தெரியும். கேஸ் ஷீட்டும் டாக்டர் கடிதமும் ஒரே கேள்விக்காகத் தேவைப்படுபவை. இரண்டாவதைக் கேட்க 22 நாள் கழித்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. நியாயமாகச் சொன்னால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: கேஸ் ஷீட்டில் ஏதோ ஒரு வரி புதிதாகச் சந்தேகம் எழுப்பி, அதைத் தெளிவுபடுத்தத்தான் கடிதம் கேட்டார்கள் என்றால் துண்டு துண்டாகக் கேட்டதாக ஆகாது. உங்களிடம் நகல் இருக்கும். முதல் இரண்டு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பழைய வலி, பழைய ஸ்கேன் என்று எதுவும் இல்லையென்றால் துணிந்து எழுதலாம். என் அம்மாவின் கண் ஆபரேஷன் கிளெய்மில் எனக்கே இது நடந்தது. வேறொரு கம்பெனி. முதலில் லென்ஸ் ஸ்டிக்கர் கேட்டார்கள், கொடுத்த பிறகு லென்ஸ் வாங்கிய பில் கேட்டார்கள். இரண்டும் ஒரே டப்பாவோடு வருபவை. இந்த வேலையில் இருந்தவனுக்கே அன்று எவ்வளவு எரிச்சல் வந்தது என்பது நினைவிருக்கிறது.

முதலிலேயே நீங்கள் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ரிவ்யூக்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். கிளெய்ம் படிவத்தில் நீங்கள் நிரப்பும் பகுதி, ஆஸ்பத்திரி நிரப்பிக் கையெழுத்திடும் பகுதி, டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டோடு பார்மசி பில், ரிப்போர்ட்டுகள், ரத்து செய்த காசோலை. இவற்றில் ஒன்று குறைந்து போயிருந்து, அதற்காகக் குவெரி வந்திருந்தால் அது உங்கள் பக்கத்துத் தாமதம். எல்லாம் போயும் குவெரி வந்தது என்றால் படிக்கிறவருக்கு அது பெரிய தகவல்: இந்தக் கம்பெனியில் கேஸ் ஷீட்டையும் டாக்டர் கடிதத்தையும் முதல் நாளே வைத்துவிட வேண்டும் என்று தெரிந்துகொள்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் புறப்படும் அன்றே கேஸ் ஷீட் நகலுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்.

இவ்வளவையும் சேர்த்தால் ரிவ்யூ கிட்டத்தட்ட இப்படி இருக்கும். இது உங்கள் எண்களை வைத்து நான் எழுதிப் பார்த்தது, உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"4 வருடமாகத் தொடரும் 3 லட்சம் பாலிசி, அறை வரம்பு நாளுக்கு 1 சதவீதம். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குக் கேஷ்லெஸ் இல்லாத ஆஸ்பத்திரியில் 5,000 ரூபாய் அறையில் இருந்தோம். பில் 1,32,000. மார்ச் 12 அன்று படிவம், சம்மரி, பிரித்த பில், ரசீதுகள், ரிப்போர்ட்டுகள் எல்லாம் கொடுத்து ஏற்புச் சீட்டு வாங்கினேன். 15 நாள் கழித்துக் கேஸ் ஷீட் கேட்டார்கள். கொடுத்து 16 நாள் கழித்து, நோய் எத்தனை நாளாக என்று டாக்டர் கடிதம் கேட்டார்கள். இரண்டையும் ஒரே தடவையில் கேட்டிருக்கலாம். பணம் மே 6ல் வந்தது. மொத்தம் 55 நாள். அதில் ஆவணம் கொடுக்க நான் எடுத்தது 8 நாள். கிடைத்தது 75,600. வரம்பைத் தாண்டி அறை எடுத்ததால் கழிவு வரும் என்பது தெரியும். ஆனால் செலுத்தத் தகாதவை 6,000 போக, கழித்த 50,400க்கும் சேர்த்து ஒரே வரிதான் விளக்கம். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று இல்லை. தொகையைப் பார்த்தால் மருந்து, பரிசோதனைச் செலவையும் 60 சதவீதமாகக் குறைத்ததுபோல் தெரிகிறது. இது சரியா என்று குறைதீர் பிரிவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன். தொலைபேசியில் பேசியவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் கழிவு விவரம் அவர்களிடமும் இல்லை."

கடைசி வரி நான் ஊகித்துப் போட்டது, அப்படி நடக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அறை வரம்பைத் தாண்டியது நீங்கள் என்பதை நீங்களே சொல்வதில் தயக்கம் வேண்டாம். அதை மறைத்து எழுதினால் விவரம் தெரிந்த ஒருவர் கீழே வந்து "அறை எவ்வளவு எடுத்தீர்கள்?" என்று கேட்பார், அதன் பிறகு நீங்கள் எழுதிய மற்ற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். "தெரிகிறது" என்ற சொல்லையும் அப்படியே விடுங்கள். மருந்தில் வெட்டினார்கள் என்று எழுத்தில் பதில் வந்த பிறகு "வெட்டினார்கள்" என்று மாற்றலாம். மோசடி, திருட்டு போன்ற சொற்களைப் போட்டால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வரும். தளத்துக்கும் அந்த ரிவ்யூவைத் தூக்கிவிட எளிதான காரணம் கிடைக்கும்.

இப்போதே போடுவதா, பதில் வந்த பிறகா என்று யோசிப்பீர்கள். நானாக இருந்தால் இப்போதே போடுவேன். ஆவணமும் தேதிகளும் இனி மாறப்போவதில்லை. தொகை விஷயம் மட்டும்தான் திறந்திருக்கிறது, அதைத் திறந்திருப்பதாகவே எழுதியிருக்கிறீர்கள். நட்சத்திரம் போடும்போது கம்பெனி, டிபிஏ, ஆஸ்பத்திரி, ஏஜென்ட் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். அறை வரம்பு இருக்கிறது என்று ஏஜென்ட் பாலிசி விற்கும்போது சொல்லவில்லை என்றால் அது உண்மையான குறை, ஆனால் கிளெய்ம் பிரிவின் வேலையைப் பற்றிய ரிவ்யூவில் தனி வாக்கியமாக நிற்கட்டும்.

கம்பெனி பதிலே தராவிட்டால், அல்லது திருப்தியில்லாத பதில் தந்தால், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம். 155255 என்ற எண்ணிலும் பதியலாம். அதற்கும் மேலே, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்த பிறகு போகலாம், கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 18,400 மாதிரியான தொகைக்கும் அங்கே போகலாம். ஆனால் என் அனுபவத்தில் மருந்துக்கும் பரிசோதனைக்கும் தவறுதலாகப் போட்ட விகிதக் கழிவு பெரும்பாலும் குறைதீர் பிரிவிலேயே சரியாகிவிடுகிறது, விதியைக் குறிப்பிட்டு எழுதினால். விதியைச் சொல்லாமல் "முழுப் பணத்தையும் தாருங்கள்" என்று எழுதும் கடிதங்களுக்குத்தான் அதே ஒற்றை வரிப் பதில் திரும்பி வரும்.

ரிவ்யூவோடு செட்டில்மென்ட் கடிதத்தைப் படமாகப் போடுவதாக இருந்தால், பெயரையும் பாலிசி எண்ணையும் மட்டும் மறைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். மேல் மூலையில் இருக்கும் பார்கோடு, கிளெய்ம் எண், வங்கிக் கணக்கின் கடைசி இலக்கங்கள், பணப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண், மனைவியின் வயதும் ஆஸ்பத்திரி ஐடியும், எல்லாவற்றையும் கறுப்பால் மூடுங்கள். பேனாவால் லேசாகக் கிறுக்கினால் வெளிச்சத்தைக் கூட்டிப் படித்துவிடலாம். கடிதத்தின் மேல் காகிதத் துண்டு வைத்துப் படம் எடுப்பதே பாதுகாப்பு. கேஸ் ஷீட்டின் எந்தப் பக்கத்தையும் போடவே வேண்டாம், அது உங்கள் மனைவியின் உடல்நிலைப் பதிவு. குறைதீர் பிரிவிலிருந்து தலைப்பு வாரியான கணக்கு வந்தால், எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள், மருந்து வரியைச் சேர்ந்து பார்க்கலாம்.